தூரத்தில் வைத்தால் கோபுரம் ஏன் நெளிகிறது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சம்ப்ரோட்சணத்துக்காக ஐந்து நிலை ராஜகோபுரத்தை ப்ளெண்டரில் முப்பரிமாண மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். கிட்டத்தில் நன்றாக வருகிறது. வயலுக்கு அப்பாலிருந்து காட்டும் ஷாட்டில், நிலைக்கு நிலை வெளியே நீண்டிருக்கும் கபோத வரிசைகள் நெளிகின்றன, பொம்மைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சாம்பிள் கூட்டியும் பயனில்லை. பாதி செய்து Mirror போட்டிருக்கிறேன். ஆனாலும் ஏதோ தப்பாக இருக்கிறது என்கிறார் பட்டர். என்ன செய்வது?

பதில்: முதலில் நெளிவைப் பார்ப்போம். இதற்குச் சாம்பிள் காரணமில்லை, பிக்சல் கணக்குதான் காரணம். உங்கள் கோபுரம் 72 அடி என்று வைத்துக்கொள்வோம், அதாவது 864 அங்குலம். 1080 பிக்சல் உயரப் படத்தில் அது 432 பிக்சல் உயரம் நிற்கிறது என்றால், ஒரு பிக்சலுக்கு 2 அங்குலம் வருகிறது. இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால் கோபுரத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று உடனே சொல்லிவிடலாம். 4 அடிப் பொம்மைக்கு 24 பிக்சல் கிடைக்கிறது, அது போதும். கபோதத்தின் முகப்பில் 18 அங்குலத்துக்கு ஒன்றாக வரும் லாட வடிவக் கூடுகளுக்கு 9 பிக்சல், அதுவும் சரி. ஆனால் கபோதத்தின் அடியில் 3 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும் முத்துச்சரத்துக்கு ஒன்றரை பிக்சல்தான் கிடைக்கிறது. மாட்டிக்கொள்வது அங்கேதான்.

திரும்பத் திரும்ப வரும் எந்த அலங்காரத்துக்கும் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2 பிக்சல் வேண்டும். அதற்குக் கீழே போனால் அது மங்கி மறைவதில்லை, பொய்யான வேறொரு வரிசையாக மாறிவிடுகிறது. ஒன்றரை பிக்சல் இடைவெளியில் இருக்கும் முத்துகள், படத்தில் 3 பிக்சலுக்கு ஒன்றாக, அதாவது உண்மையைவிட இரண்டு மடங்கு இடைவெளியில் தெரியும். மேல் நிலைகளில் அலங்காரம் சிறிதாகிறது, தூரமும் கொஞ்சம் கூடுகிறது. அதனால் அந்தப் பொய் வரிசையின் அகலம் நிலைக்கு நிலை மாறும். கேமரா நகர்ந்தால் அதுவும் ஊரும். நீங்கள் நெளிவு என்று சொல்வது இதைத்தான். சாம்பிள் கூட்டினால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறையும், இந்தப் பொய் வரிசை இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். Film பகுதியில் Pixel Filter அகலத்தை 1.5-லிருந்து 2 ஆக்கினால் சற்று அடங்கும். ஆனால் பொம்மைகளின் விளிம்பும் சேர்ந்து மழுங்கும் என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

சரியான வழி, அந்த ஷாட்டுக்கு மட்டும் முத்துச்சரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் வெறும் பட்டை ஒன்றை வைப்பது. பட்டைக்கு என்ன நிறம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முத்தின் பொன் நிறத்தை அப்படியே கொடுத்தால் கோபுரத்தில் மஞ்சள் நாடா கட்டியது போல் ஆகிவிடும். முத்துகளுக்கு நடுவே இருக்கும் இருட்டும் அந்த நிறத்தில் சேர வேண்டும். சரத்தில் ஒரு முழத் துண்டை Orthographic கேமராவில், அதே வெயிலில், கிட்டத்தில் ரெண்டர் செய்யுங்கள். அதைக் கம்பாசிட்டருக்குள்ளேயே ஒரே பிக்சலாகச் சுருக்கினால் கிடைப்பதுதான் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் நிறம். அதில் வெயிலும் நிழலும் ஏற்கெனவே கலந்திருப்பதால் Emission ஆகவே கொடுத்துவிடலாம். பட்டைக்கு மேலே கபோதம் விழுத்தும் நிழல் கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிலைகளைப் பிரித்துக் காட்டுவதே அந்தக் கோடுதான். வீடியோவில் கேமரா நெருங்கிப் போகிறது என்றால், ஒரு சுற்றுக்கு 2 பிக்சல் வரும் தூரத்திலிருந்து 4 பிக்சல் வரும் தூரத்துக்குள் பட்டை மறைந்து முத்துகள் மெல்லத் தோன்றும்படி கலந்துவிடுங்கள். ஒரே ஃப்ரேமில் மாற்றினால் கண் பிடித்துவிடும்.

பொம்மைகள் கலந்துபோவதற்குக் காரணம் வேறு. 24 பிக்சலில் முகமும் நகையும் தெரியாது, உருவத்தின் வெளிக்கோடுதான் தெரியும். பொம்மைக்குப் பின்னால் இருக்கும் மாடத்தை இருட்டாக்குங்கள், கையையும் ஆயுதத்தையும் உடம்பிலிருந்து நன்றாக விலக்குங்கள். வெயில் நேர் முன்னாலிருந்து விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கிழக்கு பார்த்த கோபுரத்துக்கு மார்கழி மாதம் காலை எட்டு மணி வெயில் கைகொடுக்கும். நம் டெல்டாவில் அப்போது சூரியன் தென்கிழக்கில் 20 டிகிரி உயரத்தில் இருக்கும். பார்ப்பவருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்து, ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் நிழல் கிடைக்கும்.

இனி சமச்சீர். பட்டர் சொன்னதை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் அவர் கண்ணில் பட்டது எது என்று ஊகிக்க முடிகிறது. கோபுரத்தில் கட்டடம்தான் இருபுறமும் ஒன்று. தெய்வ உருவங்கள் அப்படியல்ல. பெருமாளுக்குச் சக்கரம் வலக்கையில், சங்கு இடக்கையில். Mirror போட்ட மறுபாதியில் சக்கரம் இடக்கைக்குப் போய்விடும். கண்ணனின் குழல் தவறான பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பெருமாளின் வலப்பக்கம் இருக்க வேண்டிய ஸ்ரீதேவி இடம் மாறிவிடுவார். ஆகவே கர்ணகூடம், சாலை, பஞ்சரம், தூண், கபோதம் இவற்றுக்கு மட்டும் Mirror. தெய்வங்களைத் தனி கலெக்‌ஷனில், ஒவ்வொன்றாக, புரட்டாமல் வையுங்கள். துவாரபாலகர் ஜோடியில் நிற்கும் தோரணையைப் புரட்டலாம். ஆனால் பெருமாள் கோயில் துவாரபாலகர் கையிலும் சங்கு சக்கரம் உண்டு, எனவே மேல் கைகளை மட்டும் உங்கள் கோயில் புகைப்படத்தைப் பார்த்துத் தனியாகச் செய்யுங்கள்.

கூடுகளின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். முதல் நிலைக் கபோதம் 27 அடி என்றால் 324 அங்குலம். 18-ஆல் வகுத்தால் 18 கூடு. இரட்டைப்படை என்பதால் நடு அச்சில் இடைவெளி விழும், நடுவாசலுக்கு நேர் மேலே கூடு வராது. 17 ஆக்குங்கள், இடைவெளி 19 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், யாருக்கும் தெரியாது. மேலே 21 அடி நிலையில் 14 வரும், அங்கே 13. நடுக்கூட்டை மட்டும் தனியாக வைத்துவிட்டு மற்றவற்றுக்கு Mirror போடுங்கள், இல்லையென்றால் நடுவில் இரண்டு கூடு ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். அப்புறம், கேமரா கோபுர அச்சிலேயே இருக்கட்டும். மேலே பார்க்கக் கேமராவைச் சாய்த்தால் கோபுரம் இன்னும் கூம்பும். சாய்க்காமல் Shift Y-ஐக் கூட்டுங்கள்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெயிலை அணைத்து, சீரான வானொளியில் ஒரு படம் எடுங்கள். கம்பாசிட்டரில் Flip போட்டு இடவலம் புரட்டி, மூலப் படத்தோடு Difference-இல் கலந்து பாருங்கள். கட்டடம் முழுக்கக் கறுப்பாகி, தெய்வ உருவங்கள் மட்டும் மிச்சமாகத் தெரிந்தால் எல்லாம் சரி. ஏதாவது நிலையில் மெல்லிய கோடு தெரிந்தால் அங்கே அச்சு நகர்ந்திருக்கிறது.

வீடியோவை ஊர்க்காரர்கள் வாட்ஸப்பில்தான் பார்ப்பார்கள் என்றால், பிக்சல் கணக்கை அந்த அளவுக்கே போடுங்கள். 1080-க்குச் சரியாக இருக்கும் வரிசை 720-க்குச் சுருங்கும்போது ஒரு பிக்சலுக்கு 3 அங்குலம் ஆகிவிடும். 5 அங்குல இடைவெளியில் தெளிவாக நின்ற பூவரிசையும் அப்போது நெளியத் தொடங்கும்.