கோஜி பெர்ரி, அஸ்ட்ராகலஸ் எல்லாம் நம்ம அமுக்கரா, நெல்லிக்காய் மாதிரிதானா? வாதம், பித்தம், கபம் பார்த்து எடுத்துக்கலாமா?

அப்படிப் பார்த்து எடுக்க வழியில்லை. இவை இரண்டும் சீன மருத்துவச் சரக்குகள், நம் மரபில் வழங்கிவந்தவை அல்ல. டப்பாவில் 'கபத்தைக் குறைக்கும்' என்று போட்டிருந்தால், அது விற்பவர் தாமாக ஒட்டிய சீட்டு.

நான் இருப்பது சிங்கப்பூரில். இங்குள்ள சீன மருந்துக்கடையில் அஸ்ட்ராகலஸுக்கு ஹுவாங்சீ என்று பெயர். சாய்வாகச் சீவிய வேர் வில்லைகளாகக் கிடைக்கும். நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிர் நிறம், நல்ல நார். மென்றால் லேசாக இனிக்கும், கூடவே பச்சைப் பட்டாணி வாடை வரும். அந்த வாடை இல்லாத வில்லை பழசாகிவிட்டது என்று நான் வாங்குவதில்லை.

சீன மருத்துவத்தில் இதன் குறிப்பு: இனிப்பு, இளஞ்சூடு, மண்ணீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும், ச்சியை மேலே தூக்கும். ச்சி என்பது உடம்பை இயக்கும் ஆற்றல். அதைச் சாப்பாட்டிலிருந்து பிரித்தெடுப்பது மண்ணீரலின் வேலை என்பது அவர்கள் கணக்கு. அதில் ஒரு பங்கு தோலுக்கடியில் காவல் நின்று வியர்வைத் துளைகளைத் திறந்து மூடுகிறது.

ஒருவருக்கு மாதத்துக்கு ஒருமுறை சளி பிடிக்கிறது, நாலு படி ஏறினாலே வியர்த்துக் கொட்டுகிறது, நாக்கு வெளிறி நாடி தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல் ச்சி பலவீனமாகித் துளைகள் திறந்தே கிடக்கின்றன என்பார் சீன வைத்தியர். ஹுவாங்சீயுடன் பைஜூ, ஃபாங்ஃபெங் என்ற இரண்டு சரக்குகளைச் சேர்த்துக் கொடுப்பார். 'பச்சைமணித் திரை' என்ற பொருளில் பெயர் வைத்த பழைய கூட்டு மருந்து அது. ஆனால் அதே ஆள் காய்ச்சலும் தொண்டை வலியுமாக வந்தால் ஹுவாங்சீ கிடையாது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது கதவைச் சாத்துவது போல ஆகிவிடுமாம். இது தெரியாமல், சளி பிடித்த அன்றைக்கே எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி மாத்திரையாக விழுங்குகிறவர்கள்தான் அதிகம். நம் வீட்டில் நேர் எதிர்: சளி பிடித்த பிறகுதான் சுக்கு, மிளகு, திப்பிலி அடுப்பேறும்.

சரி, நம் கணக்கு எங்கே விலகுகிறது? நாம் சரக்கைச் சுவையில் தொடங்கி, அதன் வீரியம் சூடா குளிர்ச்சியா என்று பார்த்து, செரித்தபின் எந்தச் சுவையாக மாறுகிறது என்பது வரை தொடர்கிறோம். நெல்லிக்காய் நாக்கில் புளிப்பு, ஆனால் வீரியம் குளிர்ச்சி, செரித்தபின் இனிப்பு. அதனால்தான் புளித்தும் பித்தத்தைத் தணிக்கிறது என்கிறோம். சீன முறையில் செரித்தபின் வரும் சுவைக்கு இடமே இல்லை. அங்கே கேள்வி, எந்த உறுப்பின் தடத்தில் போகிறது, மேலே தூக்குமா கீழே இறக்குமா, உள்ளே இழுத்துப் பிடிக்குமா வெளியே தள்ளுமா என்பதுதான்.

இரண்டு மருத்துவமும் பயன்படுத்தும் ஒரு சரக்கை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கடுக்காயை நாம் இரவில் சாப்பிடுவது காலையில் வயிறு சுத்தமாக. அதே கடுக்காய் சீனாவில் 'இழுத்துப் பிடிக்கும்' சரக்குகளின் வரிசையில் இருக்கிறது. நாள்பட்ட வயிற்றுப்போக்கை நிறுத்த அதைச் சுட்டுக் கொடுப்பார்கள். நாள்பட்ட இருமலுக்கும், குரல் கம்மினாலும் அதுதான். பக்குவத்தை மாற்றினால் கடுக்காய் வயிற்றுப்போக்கைக் கட்டும் என்பது நம் வைத்தியர்களுக்கும் தெரியும். ஆனால் நாம் முதலில் நினைப்பது அதை அல்ல.

கோஜிக்கு வருவோம். இனிப்பு, சூடும் குளிர்ச்சியும் இல்லாத நடுநிலை, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கல்லீரலின் வாசல் கண் என்பது அவர்கள் கொள்கை. அதனால் கண் வறட்சி, மங்கல், கூடவே இடுப்பு வலி என்றால் கோஜி. களைப்பு என்ற ஒரே புகாருக்கு, வியர்வையும் பசியின்மையும் சேர்ந்திருந்தால் ஹுவாங்சீ, கண்ணும் இடுப்பும் சேர்ந்திருந்தால் கோஜி என்று பிரித்துவிடுவார்கள். வயிறு உப்பி மலம் இளகிப்போகிறவருக்குக் கோஜி தர யோசிப்பார்கள். கஷாயத்தில் ஒரு நாளைக்குக் கோஜி 6 முதல் 12 கிராம், ஹுவாங்சீ 9 முதல் 30 கிராம் வழக்கமான அளவு. கோழி சூப்பில் ஒரு பிடி போடுவதெல்லாம் சாப்பாடு, மருந்தில் சேராது.

வாங்கும்போது கோஜியின் காம்புப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதுவும் சிவந்திருந்தால் சாயம் ஏற்றியது. பளபளவென்று சிவந்து, மூக்கில் புளிப்பாக ஏறினால் கந்தகப் புகை போட்டது.

அப்புறம், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கோஜியைத் தொட வேண்டாம். கோஜித் தேநீர் குடித்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. உறுப்பு மாற்று செய்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையில் இருப்பவர்கள் ஹுவாங்சீயைத் தவிர்க்க வேண்டும். அந்த மாத்திரை அடக்குவதையே இது தூண்டிவிடக்கூடும்.