சீரியல் செட்டில் பல்பை எதற்கு எண்ணி வைக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் தெரு மாரியம்மன் விழாவுக்கு வாங்கிய சீரியல் செட், தோரணம் எல்லாம் இந்த வருஷம் என் பொறுப்பில் வந்திருக்கிறது. எடுத்து வைக்கும்போது லிஸ்ட்டில் என்னென்ன எழுத வேண்டும்? பல்பு எண்ணிக்கையெல்லாம் தேவையா?

பதில்: கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவுக்கு நான்தான் இந்த வேலை. பள்ளி விடுமுறையில் ஒரு மைக் செட் கடையில் எடுபிடியாக இருந்த பழக்கம், அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் "சீரியல் செட் - 14" என்று ஒரே வரியில்தான் எழுதி வைத்தேன். மூன்றாவது வருஷம்தான் புத்தி வந்தது.

அந்த ஆடி மாசம் ஏழாம் நம்பர் செட்டில் பல்பு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றை மாற்றினால் மறுநாள் வேறொன்று. பல்பு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். 31 இருந்தது. வாங்கும்போது 40. மீதி 9 எங்கே போனது? பல்பு போனபோதெல்லாம் யாரோ அந்த ஹோல்டரையே வெட்டிவிட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். அவசரத்துக்கு எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன்.

இங்கேதான் கணக்கு வருகிறது. பழைய குண்டு பல்பு செட்டில் 6 வோல்ட் பல்பு 40 ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். 230 வோல்ட்டை 40 பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 5.75. நிம்மதியாக எரியும். அதையே 31 பேர் பங்கு போட்டால் 7.4 வோல்ட். எங்கள் தெருவில் சாயங்காலம் 228 காட்டும் மீட்டர், ஊர் அடங்கி ராத்திரி பதினொன்றரைக்கு 243 காட்டியது. அப்போது ஒரு பல்புக்கு 7.8 வருகிறது. இழைப் பல்புக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடினாலே ஆயுள் பல மடங்கு குறைந்துவிடும். ஒன்று போக, அதையும் வெட்டிச் சேர்க்க, மிச்சத்துக்குப் பாரம் இன்னும் கூடுகிறது. கடைக்காரர் மேல் தப்பே இல்லை.

அதனால் பல்பு எண்ணிக்கைக்கு இரண்டு கட்டம் போடுங்கள்: வாங்கியபோது இருந்தது, இப்போது இருப்பது. என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "செட் 7, குண்டு பல்பு, 6 வோல்ட், 40 / 31, வெட்டு 9, இனி கட்டக் கூடாது." இரண்டு மூன்று குறைந்தால் நான் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் அந்தச் செட்டை உயிரோடு வைப்பதைவிட, அதன் ஹோல்டரையும் பல்பையும் எடுத்து வேறொரு செட்டை 40 ஆக்குவது நல்லது. ஏழாம் நம்பரிலிருந்து 5 ஹோல்டர் எடுத்துப் பதினொன்றாம் நம்பரில் சேர்த்தேன், மீதி 26 பல்பும் ஸ்பேர் டப்பாவுக்குப் போனது. ஸ்பேர் டப்பா மேலேயும் வோல்ட்டை எழுத வேண்டும். 20 பல்பு செட்டில் 12 வோல்ட் பல்பு வரும், பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான்.

எல்இடி செட்டிலும் வெட்டிச் சேர்க்கும் கதை இதேதான், அடி வாங்குவது மட்டும் வேறு இடம். நீலம், பச்சை, வெள்ளைக்குச் சுமார் 3 வோல்ட், சிவப்பு, மஞ்சளுக்குச் சுமார் 2. மிச்ச வோல்ட்டேஜை உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் தாங்குகிறது. 5 நீலத்தை வெட்டினால் 15 வோல்ட் கூடுதலாக அதன் தலையில் விழும், அது சூடாகும். ரெசிஸ்டரை மூடிய இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதுதான் அடையாளம்.

அப்புறம் ஃபியூஸ். கடையில் வாங்கும் செட்டின் டூ பின் பிளக்கில் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. நாங்கள் ஒரு மரப் பலகையில் ஐந்து செட்டுக்கு ஒரு கண்ணாடி ஃபியூஸ் என்று வைத்திருக்கிறோம், 20 மில்லிமீட்டர் நீளம் உள்ள சின்னது. எங்கள் குண்டு பல்பு செட் ஒன்று 0.1 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், ஐந்துக்கு அரை ஆம்பியர், ஆகவே 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பலகைக்கு 3 வீதம் ஸ்பேர், மாத்திரை டப்பாவில். போன ஃபியூஸை அதே டப்பாவில் போடாதீர்கள். நான் போட்டு, இருட்டில் போனதையே திரும்ப மாட்டி, அரை மணி நேரம் செட்டைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஸ்பேர் எத்தனை என்பதோடு, எது எப்படிப் போனது என்றும் ஒரு சொல் எழுதுங்கள். கண்ணாடி உள்ளே கருத்துப் போயிருந்தால் ஷார்ட், ஒயர் எங்கோ உரசியிருக்கிறது. கண்ணாடி சுத்தமாக இருந்து கம்பி மட்டும் நடுவில் உருகியிருந்தால் பாரம் கூடியிருக்கிறது, யாரோ ஹாலஜன் ஃபோகஸ் லைட் மாதிரி அதிகம் இழுக்கும் ஒன்றை மாட்டியிருப்பார்கள். ஒரு வருஷம் கருப்பு ஃபியூஸ் இரண்டு அடுத்தடுத்துப் போனதும், ஒரு பையன் ஒயர் இழையைச் சுற்றி மாட்டிவிட்டான். "எரியுதுல்லண்ணா, விடுங்க" என்றான். காலையில் பார்த்தால் பந்தல் மூங்கிலில் கட்டிய இடத்தில் ஒயர் உருகி ஒட்டியிருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஃபியூஸ் ஒயரைத்தான் காப்பாற்றும், தொட்டவரைக் காப்பாற்றாது. அதற்குப் பலகைக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும்.

டெஸ்ட்டை விழாவுக்கு முந்தின நாள் செய்யாமல், இறக்கிய வாரத்திலேயே செய்யுங்கள். எது நனைந்தது, எது மினுக்கியது என்று அப்போதுதான் ஞாபகம் இருக்கும். முதலில் நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, ஒவ்வொன்றையும் 20 நிமிஷம் எரியவிடுகிறேன். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒட்டுப் போட்ட இடங்களையும் மினுக்கும் கன்ட்ரோல் டப்பாவையும் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் நோட்டில் ஏறும்.

குண்டு பல்பு செட் முழுதாக எரியவில்லை என்றால் 40 பல்பையும் கழற்ற வேண்டியதில்லை. பிளக் வெளியே இருக்கட்டும். 20ஆவது பல்பை உருவி, ஒரு பிளக் பின்னிலிருந்து அந்த ஹோல்டரின் தகடு இரண்டையும் மாறி மாறி மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். ஒரு தகட்டிலாவது ஓம் எண் வந்தால் அந்தப் பாதி நல்லது, கோளாறு உருவிய பல்பிலோ அடுத்த பாதியிலோ. பிறகு 10, 5 என்று பாதியாக்கிக்கொண்டே போனால் ஆறேழு தொடுதலில் அகப்பட்டுவிடும். பாதி சமயம் பல்பு கம்பி மடங்காமல் நிற்பதுதான் கோளாறாக இருக்கும், பல்பு நன்றாகவே இருக்கும். எல்இடிக்கு இந்த வழி உதவாது.

சுற்றி வைக்க அட்டையைவிட ஒரு அடி பிவிசி பைப் துண்டு நல்லது. மாங்காய் கிரேட்டில் போடாதீர்கள், ஓட்டை வழியாக எலி வரும். மூடி உள்ள 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்றில் எங்களுக்கு நான்கு செட் அடங்குகிறது, மூடி மேலே செட் நம்பர். தோரணம், ஜரிகைக் காகிதம் எல்லாம் தனி மூட்டை, அதற்கு லிஸ்ட்டில் ஒரே வரி போதும்.