ஒரே நேரத்தில் பேசுபவர்களுக்குப் பெயரும் நேரமும்

"வேளச்சேரி அப்பார்ட்மெண்ட் சங்கக் கூட்டப் பதிவை எழுதுகிறேன். தண்ணீர் லாரிக் கணக்கு வந்ததும் மூன்று பேர் சேர்ந்து பேசுகிறார்கள். யார் பெயர், எந்த நேரம் போடுவது?"

வணக்கம். கலந்த பேச்சை ஒரே பத்தியாக்காதீர்கள். ஆளுக்கு ஒரு வரி, அவர் வாய் திறந்த நொடியே அந்த வரியின் நேரம். மோதும் சொற்களை மட்டும் சதுர அடைப்பில் போடுங்கள்:

```
00:41:07 செயலாளர்: லாரிக்கு மட்டும் [நாற்பதாயிரம் ஆச்சு]
00:41:09 பெண் 2: [பில் எங்கே சார்?]
00:41:09 ஆண் ?: [(கேட்கவில்லை)]
```

அந்த இடத்தை ஹெட்போனில், 0.75 வேகத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே குரலைப் பின்தொடர்ந்து கேளுங்கள். மூன்று குரல் என்றால் மூன்று முறை.

பெயரை ஊகித்துப் போட வேண்டாம். இது பணக் கணக்கு. சொல்லாதவர் தலையில் வார்த்தை விழுந்துவிடும். முதலில் 'பெண் 2' என்றே எழுதிக்கொண்டு போங்கள். பின்னால் யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் அதே குரலில் பதில் சொன்னால், அப்புறம் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். 'ஆண் ?' அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, தொடக்கத்து நாற்காலிச் சத்தத்தை வெட்டுவதானால் எழுதத் தொடங்கும் முன்பே வெட்டிவிடுங்கள். பாதியில் 40 நொடி வெட்டினால், அதுவரை போட்ட எல்லா நேரமும் 40 நொடி தள்ளி நிற்கும்.