அழுத்தினால் வலிக்கும் நெஞ்சு, நடந்தால் எரியும் நெஞ்சு

கேள்வி: நான் 36 வயதுப் பெண். நாலு மாதமாக இடது பக்க நெஞ்சில் வலி. ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கினால் குத்துகிறது. ராத்திரி படுத்தால் நெஞ்சு எரிகிறது, உடனே படபடப்பு வந்து விரலெல்லாம் மரத்துப்போகிறது. வலி மாத்திரை போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று தடவை இசிஜி, ஒரு தடவை எக்கோ எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். சர்க்கரை, பிரஷர் இல்லை, சிகரெட் பழக்கமும் இல்லை. அப்பாவுக்கு 61 வயதில் மாரடைப்பு வந்தது. ஒரு லேபில் இருந்து போன் செய்து, டிரெட்மில்லும் சிடி ஸ்கேனும் சேர்ந்த பேக்கேஜ் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். இது இதயமா, இல்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்களுக்கு இருப்பது ஒரு வலி இல்லை, இரண்டு. ஒன்று விலாவில், இன்னொன்று உணவுக்குழாயில். இரண்டுமே இதயத்தைச் சேர்ந்தவை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் முதலில் கேட்கும் ஒரு விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை: மாடிப்படி ஏறும்போது உங்கள் நெஞ்சு எப்படி இருக்கிறது?

வலி எவ்வளவு கடுமை, எந்தப் பக்கம் என்பதை வைத்து இதயத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இதயத்தில் இருந்தும் உணவுக்குழாயில் இருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் மூளைக்கே இது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதைவிட, வலியை எது கிளப்புகிறது, எது நிறுத்துகிறது என்று பாருங்கள். இதய ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், உடம்பு உழைக்கும்போது இதயத் தசைக்குத் தேவையான கூடுதல் ரத்தம் போய்ச் சேராது. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு இறுகும் அல்லது எரியும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். விலா வலி அப்படி இல்லை. திரும்பினால், தூக்கினால், இருமினால், மூச்சை ஆழமாக இழுத்தால் வரும். உணவுக்குழாய் எரிச்சல் சாப்பாட்டையும், படுப்பதையும், குனிவதையும் ஒட்டி வரும்.

சரி, விலாவைப் பார்ப்போம். மார்பின் நடு எலும்போடு விலா எலும்புகள் சேரும் இடத்தில் குருத்தெலும்பு இருக்கிறது. அது நொந்துபோவதுதான் இந்த வலி. பெரும்பாலும் இரண்டாவது விலாவில் இருந்து ஐந்தாவது விலாவுக்குள்தான் இருக்கும். நடு எலும்பின் இடது ஓரத்தை ஒட்டி, ஒரு விரல் நுனியால் ஒவ்வொரு விலாவாகக் கொஞ்சம் பலமாக அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் ‘இதுதான், இதே வலிதான்’ என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது விலா வலி என்பதற்கு நல்ல அடையாளம். இதய வலி உள்ளவர் பொதுவாக ஒற்றை விரலால் இடம் காட்ட மாட்டார். உள்ளங்கையையோ மூடிய முஷ்டியையோ மார்பின் நடுவில் வைத்துக் காட்டுவார்.

இந்தச் சோதனையை ஒரே ஒரு தடவை செய்யுங்கள். பயத்தில் இருப்பவர்கள் வலி இன்னும் இருக்கிறதா என்று நாள் முழுக்க அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். நொந்த குருத்தெலும்பை இப்படி அழுத்தினால் அது ஆறவே ஆறாது. குழந்தையை எப்போதும் ஒரே பக்கம் தூக்கி வைத்திருந்தாலும் இதே கதைதான். சில வாரங்களில் ஆற வேண்டியது நாலு மாதம் இழுத்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கம் மாற்றித் தூக்குங்கள். முடிந்தபோது உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த வலி மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை என்றால், விலா வலிக்காகப் போடும் அதே மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி ராத்திரி எரிச்சலைக் கூட்டிவிடும். எரிச்சல் வந்ததும் பயம் வரும், பயத்தில் மூச்சு வேகமாகும், வேகமான மூச்சு விலாவை இன்னும் இழுக்கும், காலையில் மறுபடியும் வலி மாத்திரை. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் விரல் மரத்துப்போகிறது. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது மட்டும் 500 மி.கி. பாராசிட்டமால் ஒன்றோ இரண்டோ போடுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்ட வேண்டாம். வலிக்கும் இடத்தில் ஒத்தடம் கொடுக்கலாம்.

எரிச்சலுக்கு வருகிறேன். எதுக்களிப்பு, வாயில் புளிப்பு, படுத்தால் அதிகம், எழுந்து உட்கார்ந்தால் குறைவு என்றால் அது அமிலம்தான். பாண்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை எரியும்போது மட்டும் போட்டுவிட்டு, கேட்கவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது அப்படி வேலை செய்யும் மருந்து இல்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பிடும்போதுதான் முழு வேகத்தில் இயங்கும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், தினமும், உங்கள் டாக்டர் சொல்லும் அளவில், 4 முதல் 8 வாரம் போட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி வயிற்றை அமுக்கும். எரிச்சல் கூடத்தான் செய்யும். விழுங்கும்போது அடைத்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ இதெல்லாம் போதாது, எண்டோஸ்கோபி தேவைப்படும்.

இப்போது, நான் மாடிப்படியையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவருக்கு 52 வயது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடக்கப் போனால் நெஞ்சு எரியும். கொஞ்ச நேரம் நின்று ஓர் ஏப்பம் விட்டால் சரியாகிவிடும். வாய்வு என்று அவரே முடிவு செய்துகொண்டார். மருந்துக் கடையில் கொடுத்த ஆன்டாசிட் மருந்தை மூன்று வாரம் குடித்தார். ஒரு கிளினிக்கில் உட்கார வைத்து இசிஜி எடுத்து, நார்மல், வாய்வுதான் என்று அனுப்பினார்கள். எரிச்சல் எப்போதும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்ததை யாரும் கேட்கவில்லை. அவரைச் சரியாக்கியது ஏப்பம் இல்லை, நின்றதுதான். பிறகு ஆஞ்சியோவில் இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தது தெரிந்தது.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எரிச்சல் என்றாலே அமிலம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் உழைத்தால் வந்து நின்றால் போகிற எரிச்சல், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை இதயம்தான். ஆன்டாசிட் குடித்துக் குறைந்தாலும் அது இதயம்தான். மருந்து குடிக்கிற நேரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா? அழுத்தினால் நெஞ்சு வலித்தாலும் இந்த விதி மாறாது, ஏனென்றால் உண்மையான மாரடைப்போடு வந்தவர்களில் சிலருக்கும் நெஞ்சை அழுத்தினால் வலித்திருக்கிறது. வலி இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எடுத்த இசிஜி நார்மலாக இருந்தாலும் மாறாது. சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோருக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மேல்வயிற்று எரிச்சலாகவோ வெறும் மூச்சு வாங்கலாகவோ இது வரலாம்.

உங்கள் மூன்று இசிஜியில் ஏதாவது ஒன்று வலி இருந்த நேரத்தில் எடுத்ததா? அப்படி என்றால் மற்ற இரண்டையும்விட அதற்கு மதிப்பு அதிகம். மூன்று இசிஜி, ஒரு எக்கோ எடுத்தவர்களில் ஒருவராவது உங்கள் விலாவில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார்களா என்று அறிய விரும்புகிறேன். பார்த்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். நோயாளிக்கு மூன்று நிமிடம் ஒதுக்கி, கேட்க வேண்டிய கேள்விக்குப் பதிலாகச் சீட்டு எழுதிக் கொடுக்கிற இந்த முறையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பயத்தோடு வருகிறவரைப் பயத்தோடே திருப்பி அனுப்புகிறோம்.

அந்த இடைவெளியில்தான் பேக்கேஜ்காரர்கள் நுழைகிறார்கள். போன் செய்தவர் உங்கள் வலியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா? இதில் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டு. இதயநோய் இருக்க வாய்ப்பு குறைவான இளம் பெண்ணுக்கு டிரெட்மில் பரிசோதனை செய்தால், கோளாறு என்று வரும் முடிவுகளில் பெரும்பாலானவை பொய் எச்சரிக்கை. பிறகு ‘சந்தேகத்துக்கு’ என்று சிடி, அதற்கும் சந்தேகம் என்று ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு ஆஞ்சியோ. கதிர்வீச்சு, ரத்தக் கசிவு, சாயத்தால் சிறுநீரகப் பாதிப்பு என்று ஒவ்வொரு படியிலும் சிறிய, ஆனால் நிஜமான ஆபத்து உண்டு. இந்தப் பரிசோதனைகள் கெட்டவை இல்லை. படி ஏறினால் எரிகிறவருக்கு உயிர் காப்பவை. கேட்டு, தொட்டுப் பார்த்த டாக்டர் அவற்றை எழுதித் தரவேண்டும், போனில் வந்தவர் இல்லை. அப்பாவின் விஷயத்திலும் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அப்பா அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன் வந்திருந்தால்தான் அதைக் குடும்பத்தில் சீக்கிரம் வந்த இதயநோயாகக் கணக்கில் எடுப்போம். 61 அதில் வராது.

இதையும் மனதில் வையுங்கள்: மாரடைப்பு உட்கார்ந்திருக்கும்போதும் வரும். ஆனால் அது நாலு மாதம் வந்து வந்து போவதில்லை. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல இறுக்கி, 15 நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, குளிர்ந்த வியர்வை, வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம் இவற்றில் ஏதாவது கூட வந்தாலோ, விலாவை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் முதல் 10 நிமிடத்தில் இசிஜி எடுக்க வேண்டும். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒரே ஓர் இசிஜியோடு வீட்டுக்கு அனுப்பினால், இரண்டாவது டிரோபோனின் எப்போது என்று கேளுங்கள்.

நாலு மாதமாகக் குழந்தையோடு படி ஏறி இறங்குகிறீர்கள், அப்போது நெஞ்சில் இறுக்கமோ எரிச்சலோ வந்ததே இல்லை என்றால், மேலே சொன்னதைச் செய்துவிட்டு 4 வாரம் கழித்து உங்கள் டாக்டரைப் பாருங்கள். வந்திருக்கிறது என்றால், ஒரு தடவையே ஆனாலும், விலா, அமிலம் என்று நான் எழுதியதை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த வாரமே ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். எத்தனை படி ஏறியதும் வந்தது, நின்ற பிறகு எத்தனை நிமிடத்தில் போனது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.