அப்டேட்டில் 'I agree' அழுத்திவிட்டேன், எதை ஒப்புக்கொண்டேன்?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன, அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்: காற்று, அலை, எல்லை எச்சரிக்கை எல்லாம் காட்டும் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். அப்டேட் ஆனதும் ஒரு பக்கம் வந்தது, படகு எடுக்கிற அவசரத்தில் அழுத்திவிட்டேன். இப்போது மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. லொகேஷனை மொத்தமாக நிறுத்திவிடலாமா?

அண்ணே, நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் அழுத்திய பட்டன் எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். லொகேஷன் அனுமதியை அது தராது, ஆண்ட்ராய்டு அதைத் தனியாகத்தான் கேட்கும். ஆனால் எல்லை எச்சரிக்கைக்காகப் போன வருடமே நீங்கள் 'Allow all the time' கொடுத்திருந்தால், அந்த அனுமதி அப்டேட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும், புதிதாகச் சேர்ந்த வசதியும் அதையே எடுத்துக்கொள்ளும், யாரும் உங்களை மறுபடி கேட்க மாட்டார்கள். உங்கள் ஆப்பில் பயணப் பாதையைப் பதிவு செய்கிற மாதிரி ஏதாவது வந்து, அதன் சுவிட்ச் தானாகவே ஆன் ஆகியிருக்கும் என்பது என் சந்தேகம்.

பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் உள்ள போனில் Settings போய் Privacy, அதற்குள் Privacy dashboard திறந்து Location தொடுங்கள் (சில போன்களில் Security & privacy என்று இருக்கும்). கடைசி 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது இடத்தை எடுத்தது என்று நேரத்தோடு காட்டும். படகு கரையில் கட்டிக் கிடந்த நேரத்திலும், ராத்திரி நீங்கள் தூங்கும்போதும் இந்த ஆப் பெயர் வரிசையாக நின்றால் சந்தேகம் வலுக்கிறது. அப்புறம் போனின் செட்டிங்ஸை விட்டுவிட்டு ஆப்பின் சொந்த செட்டிங்ஸுக்குள் போய், பாதைப் பதிவு, பகிர்வு என்று புதிதாகத் தெரியும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, மறுநாள் அதே dashboard-ஐ மறுபடி பாருங்கள். பட்டியல் குறைந்திருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது.

அனுமதியை 'Allow only while using the app' என்று மாற்றினாலும் பேட்டரி மிஞ்சும்தான், ஆனால் போன் பையில் கிடக்கும்போது எல்லை எச்சரிக்கை அடிக்காமல் போகலாம். பாக் நீரிணையில் அது விளையாட்டல்ல. Use precise location சுவிட்சையும் தொடாதீர்கள், அதை அணைத்தால் ஆப்புக்குச் சில சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தோராயமான இடம்தான் கிடைக்கும், கோடு எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது.

கீழக்கரை வாசகி: வீட்டுக்காரர் துபாயில், பேசுவதே ஆப்பில்தான். புது விதிமுறையை 'Later' என்றே தள்ளிக்கொண்டிருக்கிறேன். அப்படியே தள்ள முடியுமா?

அமலுக்கு வரும் தேதிவரைதான். "தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றதாகக் கொள்ளப்படும்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். தள்ளிப்போடுவதைவிட அந்தப் பக்கத்திலேயே மறுக்க வழி ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் கணக்கு விவரத்தை ஃபேஸ்புக்கோடு பகிர்வதாக அறிவித்தபோது, விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல ஒரு டிக் பெட்டி இருந்தது, ஆனால் 'Read' தொட்டு விரித்தவர்களுக்குத்தான் தெரிந்தது, டிக்கும் முன்பே போடப்பட்டிருந்தது. அவசரப்பட்டு ஏற்றவர்களுக்கு மாற்றிக்கொள்ள 30 நாள். 2021-இல் வந்த மாற்றத்தில் அந்தப் பெட்டியே இல்லை, அந்த விஷயத்தில்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

மண்டபம், கல்லூரி மாணவர்: இவ்வளவு பக்கத்தை யார் படிப்பது?

நானும் முழுசாகப் படிப்பதில்லை. எது மாறியது என்பதை மட்டும் படிப்பேன். விதிமுறைப் பக்கத்தின் முகவரியை web.archive.org-இல் போட்டால், அங்கே சேமிக்கப்பட்டிருந்தால், பழைய தேதிப் பிரதி கிடைக்கும். இரண்டையும் தனித்தனி ஜன்னலில் திறந்து share, partners, retain, train என்ற நாலு சொற்களை மட்டும் தேடுங்கள். யாருக்குத் தருகிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள் என்பவை அந்தச் சொற்களைச் சுற்றித்தான் பெரும்பாலும் இருக்கும். train, அதாவது உங்கள் தரவை வைத்து AI-யைப் பயிற்றுவிப்பது, புதிதாக முளைத்திருந்தால் செட்டிங்ஸில் அதற்கென்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், லிங்க்ட்இன் 2024-இல் அப்படி ஒன்றைப் பல நாடுகளில் ஆன் செய்தே வைத்திருந்தது. அதை அணைத்தால் இனிமேல் எடுப்பதுதான் நிற்கும், ஏற்கனவே பயிற்சிக்குப் போனது போனதுதான். தமிழில் கேட்கலாமா என்றால், 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மத அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பெற வழி தருகிறது, தமிழும் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, ஆனால் இந்தப் பகுதி அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும்.

தொண்டி வாசகர்: ஆப்பை நீக்கிவிட்டால் ஒப்புதலும் போய்விடும்தானே?

போகாது. நீக்கினால் போனிலிருந்து ஆப் போகும், கணக்கு அவர்களிடமே இருக்கும். முதலில் ஆப்புக்குள் Delete account தேடுங்கள், அதை முடித்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.