சொற்களை மாற்றியும் "நகல்" என்கிறார்கள்

"கோவையில் சிறுதானியத் தின்பண்டக் கடைக்கான தொழில் திட்டம் எழுதினேன். சந்தைப் பகுதியை ஒரு துறை அறிக்கையைப் பார்த்துச் சொற்களை மாற்றி எழுதி, கடைசிப் பக்கத்தில் அதன் பெயரும் கொடுத்தேன். ஆசிரியர் நகல் என்று திருப்பிவிட்டார். ஏன்?"

சொற்கள் மாறினாலும் வாதத்தின் வரிசையும் வாக்கியங்களின் அமைப்பும் அறிக்கையுடையவையாகவே இருந்தால், அது நகல்தான். மேலும், கடைசிப் பக்கத்தில் மட்டும் பெயர் இருந்தால், எந்த எண் எங்கிருந்து வந்தது, எது உங்கள் கணிப்பு என்பது வாசிப்பவருக்குத் தெரியாது.

அறிக்கையை மூடிவிட்டு, அதன் அடிக்குறிப்பு காட்டும் மூலத் தரவுக்குச் செல்லுங்கள். எடுத்துக்காட்டாக, 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,459 ரூபாய். அதில் பானங்கள், பதப்படுத்திய உணவு முதலியவற்றின் பங்கு 10.64 விழுக்காடு. இதை இப்படி எழுதலாம்: "நகர்ப்புறத்தில் ஒருவர் இவ்வகைக்கு மாதம் ஏறத்தாழ 687 ரூபாய் செலவிடுகிறார் (தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம், 2024, பெருக்கல் எம்முடையது)."

அடைப்புக்குறியின் கடைசி இரு சொற்களை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் 687 என்பது நீங்கள் பெருக்கிக் கண்ட எண். இது நாடு தழுவிய சராசரி என்பதையும், தேநீரும் குளிர்பானமும் இதில் அடங்கும் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, சிறுதானியத்துக்கான பங்கை உங்கள் பகுதியில் நீங்களே கேட்டறிந்து, எத்தனை பேரிடம், எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்பதோடு தனியாக எழுதுங்கள். மூல ஆவணம் கிடைக்காத எண்ணுக்கு மட்டும், "இன்ன அறிக்கையில் மேற்கோள் காட்டப்பட்டபடி" என்று குறிப்பிடுங்கள். திறக்காத ஆவணத்தைப் படித்ததுபோல் காட்டுவதும் தவறே.