இனிஷியல் முதல் எழுத்து ஆகுமா?

"நான் சேலம் அஸ்தம்பட்டி. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் EZHILARASI. அப்பா பெயர் முருகேசன், அதனால் பள்ளிச் சான்றிதழில் M. EZHILARASI. இப்போது ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலை, அங்கே அடையாள அட்டையில் YEZHILARASI என்று அடித்துவிட்டார்கள். எண்கணிதத்தில் கார்னர்ஸ்டோன், கேப்ஸ்டோன், முதல் உயிரெழுத்து என்று மூன்று பார்ப்பார்களாமே. ஒருவர் என் கார்னர்ஸ்டோன் M என்கிறார், இன்னொருவர் Y என்கிறார். எது சரி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது?"

உங்கள் கார்னர்ஸ்டோன் E. M-மும் இல்லை, Y-யும் இல்லை.

கார்னர்ஸ்டோன் என்பது உங்களுக்கு வைத்த பெயரின் முதல் எழுத்து, கேப்ஸ்டோன் அதே பெயரின் கடைசி எழுத்து. வீடு கட்டும்போது முதலில் வைக்கிற மூலைக்கல், கடைசியில் மேலே வைக்கிற மூடுகல், அந்தக் கணக்கில் வந்த பெயர்கள். முழுப்பெயரை இடமிருந்து படித்துக்கொண்டு போனால் முதலில் வருகிற உயிரெழுத்து மூன்றாவது. முழுப்பெயர் என்றால் பிறந்தபோது பதிவான பெயர். இந்த முறை உருவான நாடுகளில் சொந்தப் பெயர் முன்னால், குடும்பப் பெயர் பின்னால் வரும், அதனால் அங்கே குழப்பமே இல்லை. நாம்தான் அப்பா பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி முன்னால் நிறுத்துகிறோம். M என்பது முருகேசனின் முதல் எழுத்து, அதை வைத்து உங்கள் சுபாவத்தைப் படித்தால் அப்பாவைப் படித்ததாகத்தான் ஆகும். இனிஷியலை எடுத்துவிட்டு, அல்லது விரித்து எழுதிப் பெயருக்குப் பின்னால் வைத்து, EZHILARASI MURUGESAN என்று படியுங்கள். மூன்றுமே சரியாக வந்துவிடும்.

Y எங்கிருந்து வந்தது என்பதற்கு நீங்கள் வேலை செய்கிற ஊரே சாட்சி. ஏற்காடு என்று உயிரெழுத்தில்தான் சொல்கிறோம், ஆனால் ஆங்கிலப் பலகையில் Yercaud. எ, ஏ என்று தொடங்கும் பெயருக்கு முன்னால் ஒரு Y ஒட்டிக்கொள்வது நம் பேச்சு வழக்கின் தடம். விடுதிக்காரர் காதில் விழுந்தபடி அடித்திருக்கிறார், அது உங்களுக்கு வைத்த பெயர் இல்லை.

சரி, என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு புது வேலையோ சிக்கலோ எதிரில் வந்து நிற்கும்போது நீங்கள் எப்படி அதற்குள் இறங்குகிறீர்கள் என்பதைக் கார்னர்ஸ்டோன் காட்டும் என்பார்கள். E ஐந்தாவது எழுத்து, அதன் எண் 5: பேச்சு, மாற்றம், ஊர் சுற்றும் ஆசை, ஒரே விஷயத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற புத்தி. கோடை விழா நேரத்தில் ஒரே நாளில் முப்பது பேர் வந்து இறங்கினால் E ஆள் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார மாட்டார், எழுந்து போய் அவர்களிடம் பேசத் தொடங்குவார், பேசப் பேசத்தான் வழி தெரியும். Y அப்படி இல்லை. இருபத்தைந்தாவது எழுத்து, 2+5 என்று கூட்டி 7. தனித்து நிற்பது, உள்ளுணர்வை நம்புவது, அப்புறம் அந்த எழுத்தின் வடிவம் போலவே இரண்டாகப் பிரியும் பாதையில் நின்று எந்தப் பக்கம் என்று நீண்ட நேரம் யோசிப்பது. அட்டையில் விழுந்த ஒரு எழுத்தை வைத்துப் படித்தால் எவ்வளவு வேறு ஆளாகிவிடுகிறீர்கள் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் இங்கே பலர் சறுக்குகிறார்கள். பெயர் எண் கூட்டுவதற்கு நம் பக்கம் அதிகம் புழங்குவது கால்டியன் அட்டவணை. அதில் Y-க்கும் I-க்கும் எண் 1. கார்னர்ஸ்டோன் படிக்கிற மேற்கத்திய முறை பித்தாகரஸ் வரிசையில் நிற்கிறது, அதில் Y 7, I 9. இரண்டையும் கலந்துவிட்டால், Y-யில் தொடங்குகிறவருக்குத் தலைமைக் குணம், எண் 1 அல்லவா என்று தவறான பலன் வந்துவிடும். உங்களுக்குச் சொன்னவர் எந்த அட்டவணை என்று கேளுங்கள். E மட்டும் இரண்டிலும் 5, அதனால் உங்கள் கார்னர்ஸ்டோனில் இந்தச் சிக்கல் வராது, கடைசி எழுத்தான I-யில் வரும்.

அந்த I தான் உங்கள் கேப்ஸ்டோன். தொடங்கியதை எப்படி முடிக்கிறீர்கள், முடிக்கிறீர்களா என்பதற்கு இதைப் பார்ப்பார்கள். I ஒன்பதாவது எழுத்து, இரக்கம், கலை மனம், ஆழமாக உணர்வது. மனசு ஒட்டியிருக்கும் வரை கடைசி நூலிழை வரை செய்து முடிப்பார்கள், மனசு விலகினால் முக்கால்வாசியில் நின்றுவிடும் என்பது இதற்குச் சொல்லும் பலன். ஆனால் கேப்ஸ்டோனை நான் தமிழ்ப் பெயர்களில் கொஞ்சம் அடக்கித்தான் சொல்வேன். நம் பெண் பெயர்களில் ஏராளம் இகரத்தில் முடிகின்றன, ஆண் பெயர்களில் முருகன், குமரன் என்று அன் விகுதி வந்து N-இல் முடிகின்றன. இலக்கணம் போட்ட எழுத்து அது. ஒரு தெருவில் பாதிப் பேருக்கு ஒரே எழுத்து வந்தால் அதை வைத்து ஒருவரை மட்டும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ரேவதியை REVATHI என்று எழுதினால் I, REVATHY என்றால் Y, பெண் அதே பெண்தான்.

முதல் உயிரெழுத்து யாரும் பார்க்காத இடம். ஒரு செய்தி கேட்டவுடன், வாய் திறக்கும் முன் உள்ளே முதலில் எழுகிற உணர்ச்சி அது என்பார்கள். இதில் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும், ஒலியை அல்ல. மீனா என்று ஈகாரத்தில் சொன்னாலும் MEENA-வில் முதல் உயிரெழுத்து E. நம் பன்னிரண்டு உயிரெழுத்தை இதில் கொண்டுவரக் கூடாது, ஆங்கிலத்தின் A, E, I, O, U ஐந்தும், சில இடத்தில் Y-யும் தான். LYDIA என்ற பெயரில் Y இரண்டு மெய்களுக்கு நடுவில் உயிராக ஒலிக்கிறது, அங்கே முதல் உயிரெழுத்து Y. ஆனால் YEZHILARASI-யில் அடுத்தே E வருவதால் Y மெய்தான். ஆக அடையாள அட்டை எழுத்தில் எழுதினாலும் உங்கள் முதல் உயிரெழுத்து E-யாகவே நிற்கிறது. அதன் பலன் ஆர்வம், உடனே கிளம்பும் அவசரம், கட்டுப்பாடு பிடிக்காமை.

உங்கள் பெயரில் நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: கார்னர்ஸ்டோனும் முதல் உயிரெழுத்தும் ஒரே E. பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் இப்படித்தான் வரும். உள்ளே தோன்றுவதும் வெளியே செய்வதும் ஒன்றாக இருக்கும், நடுவில் திரை இல்லை என்பார்கள். நல்லது என்னவென்றால் ஒளிவுமறைவு இல்லை, சிரமம் என்னவென்றால் கோபம் வந்த நொடியிலேயே அது எதிரில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். Y முன்னால் வைத்துப் படித்தவர் இந்த ஒற்றுமையையே தவறவிட்டிருப்பார்.

இவை நம்பிக்கையில் வந்த பலன்கள், சோதித்து நிரூபித்தவை அல்ல. அதனால் இதற்காகப் பிறப்புச் சான்றிதழிலோ பாஸ்போர்ட்டிலோ கை வைக்கச் சொல்ல மாட்டேன். விடுதி அட்டையை மட்டும் திருத்தி வாங்குங்கள், அதற்குக் காரணம் எண்கணிதம்கூட இல்லை: சம்பளக் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் பி.எஃப். எடுக்கும்போது அலைய வேண்டிவரும்.